மதியம் 1 மணிக்குத்தான் காத்திருப்பு அதிகம். அந்த நேரத்துக்கு ஒரு ஆள் கூடப் போட்டால் சரியாகிவிடுமா?

டோக்கன்47 | 3 நவம்பர் 2025, இரவு 9:12

திருமங்கலம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். டோக்கன் மிஷினில் இருந்து மணிவாரியாகக் காத்திருப்பு நேரத்தை எடுத்து ஒரு தாளில் தரச் சொன்னார் மேனேஜர். எந்த மணிக்கு யாரை எங்கே உட்கார வைப்பது என்று அதை வைத்து முடிவு செய்வாராம். போன செவ்வாய் ஒரு சாதாரண நாள், அதையே எடுத்தேன். மிஷின் தரும் ரிப்போர்ட் இப்படி:

10–11: 29 டோக்கன், சராசரி 18 நிமிடம்
11–12: 36 டோக்கன், 30 நிமிடம்
12–1: 36 டோக்கன், 41 நிமிடம்
1–2: 24 டோக்கன், 53 நிமிடம்
2–3: 36 டோக்கன், 42 நிமிடம்
3–4: 25 டோக்கன், 6 நிமிடம்

மொத்தம் 3 கவுன்டர். 1 மணிக்கு மேல் மாற்றி மாற்றிச் சாப்பிடப் போவதால் அந்த ஒரு மணி நேரம் 2 கவுன்டர்தான் ஓடும். 1–2ல் ஒரு ஆளைக் கூட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

எக்செல்எழில் | 3 நவம்பர், இரவு 9:40

சராசரியைக் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் 2 மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே சராசரி ஏறிவிடும். வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள். பக்கத்திலேயே, 10 பேரில் 9 பேர் எத்தனை நிமிடத்துக்குள் கூப்பிடப்பட்டார்கள் என்று இன்னொரு எண். இந்த இரண்டும் இருந்தால் மேனேஜருக்குப் போதும். மற்றபடி 1–2க்கு ஆள் போடுவது சரிதான்.

கணக்கம்மா | 3 நவம்பர், இரவு 10:25

எழில் சொல்வதில் முதல் பாதி சரி. கடைசி வரியில்தான் எனக்கு இடிக்கிறது.

தம்பி, அந்த ரிப்போர்ட் டோக்கனை எந்த நேரத்தில் போட்டு எண்ணுகிறது? டோக்கன் எடுத்த நேரமா, கவுன்டரில் கூப்பிட்ட நேரமா? 36, 36, 24, 36 என்று வருவதைப் பார்த்தால் கூப்பிட்ட நேரம் என்றே தோன்றுகிறது. 3 கவுன்டர் ஓடினால் 36, 2 ஓடினால் 24. அதாவது ஒரு கவுன்டருக்கு மணிக்கு 12, ஒரு டோக்கனுக்கு 5 நிமிடம். இந்த எண்கள் உங்கள் வேகத்தைத்தான் காட்டுகின்றன, கூட்டத்தை இல்லை. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் 3 கவுன்டர் 36க்கு மேல் கூப்பிட முடியாது.

ரிப்போர்ட்டை விட்டுவிட்டு மூலப் பதிவை இறக்குங்கள். எடுத்த நேரம் ஒரு பத்தியில் இருக்கும். அதை மணிவாரியாக எண்ணிப் போடுங்கள்.

சோழவந்தான் சுப்பு | 4 நவம்பர், காலை 6:50

டோக்கன் என்று பார்த்ததும் வந்தேன். எங்கள் அம்மாவுக்கு 74 வயது. போன வாரம் ஒரு வங்கியில் 62ஆம் நம்பர் டோக்கன். 61 வந்தது, அடுத்து 70 வந்தது, 62 வரவே இல்லை. கேட்டால் "கூப்பிட்டோமே, நீங்கள் வரவில்லை" என்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2017லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே? இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 4 நவம்பர், காலை 7:30

சுப்பு, இங்கே பேசுவது வேறு விஷயம். முதலில் கிளை மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம்.

ஆனால் உங்கள் அம்மா கதையில் தம்பிக்கு ஒரு செய்தி இருக்கிறது. கூப்பிட்டும் வராத டோக்கனும் பதிவில் ஏறும். காத்திருப்பு 50 நிமிடம் என்று இருக்கும், கவுன்டரில் ஆன நேரம் 20 விநாடி என்று இருக்கும். அதையும் சேர்த்து எண்ணினால் காத்திருப்பும் பொய், வேலை நேரமும் பொய். ஒரு நிமிடத்துக்குள் முடிந்த டோக்கனையெல்லாம் தனியே ஒதுக்கிப் பாருங்கள். அது எந்த மணியில் கூடுகிறதோ அந்த மணியில்தான் ஜனம் வெறுத்துப்போய் எழுந்து போகிறது.

டோக்கன்47 | 4 நவம்பர், இரவு 8:55

இறக்கிவிட்டேன். முதலில் ஒரு வேடிக்கை. மதியம் 1:12 என்பது 01:12 என்றே வருகிறது, முற்பகலா பிற்பகலா என்ற குறிப்பே இல்லை. எக்செல் அதை நள்ளிரவு தாண்டி 1 மணி என்று எடுத்துக்கொண்டது. ராத்திரி 2 மணிக்கு 36 பேருக்குப் பணம் கொடுத்த கிளை எங்களுடையது. 1, 2, 3 என்று வந்த மணிகளுக்கெல்லாம் 12ஐக் கூட்டிச் சரிசெய்தேன்.

டோக்கன் எடுத்த நேரப்படி:

10–11: 48
11–12: 44
12–1: 34
1–2: 22
2–3: 20
3–4: 18

மொத்தம் 186. கூப்பிட்டதும் 186தான். வராத டோக்கன் அன்றைக்கு 3, அதனால் கணக்கு பெரிதாக மாறவில்லை. கூட்டம் காலையில்தான் இருக்கிறது. 1–2ல் வந்தவர்களே 22 பேர்தான், அப்படியும் 53 நிமிடம். குழப்பமாக இருக்கிறது.

கணக்கம்மா | 4 நவம்பர், இரவு 10:40

குழப்பம் ஒன்றும் இல்லை. காலையில் பெய்த மழைக்குக் கண்மாய் மதியம்தான் மறுகால் பாயும். 10 மணிக்கு வந்து தீராத கூட்டம் 11க்குத் தள்ளப்படுகிறது, 11ன் மிச்சம் 12க்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கவுன்டர் குறையும்போது அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து வெளியே தெரிகிறது.

ஒவ்வொரு மணி முடிவிலும் ஹாலில் எத்தனை பேர் மிச்சம் என்று பாருங்கள். முன் மிச்சத்தோடு புதிதாக வந்தவர்களைக் கூட்டி, கூப்பிட்டவர்களைக் கழித்தால் போதும்.

11 மணிக்கு: 48ல் 29 போக 19 பேர்.
12 மணிக்கு: 19ம் 44ம் 63, அதில் 36 போக 27.
1 மணிக்கு: 27ம் 34ம் 61, 36 போக 25.
2 மணிக்கு: 25ம் 22ம் 47, 24 போக 23.
3 மணிக்கு: 23ம் 20ம் 43, 36 போக 7.
4 மணிக்கு: 7ம் 18ம் 25, எல்லாம் முடிந்தது.

1 மணிக்கு உள்ளே நுழைகிறவருக்கு முன்னால் 25 பேர், ஓடுவது 2 கவுன்டர். மணிக்கு 24 என்றால் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், சுமார் 62 நிமிடம். 12 மணிக்கு வந்தவருக்கு 27 பேர், 3 கவுன்டர், 45 நிமிடம். 11 மணிக்கு வந்தவருக்கு 32.

இப்போது உங்கள் யோசனையைப் போட்டுப் பார்ப்போம். 1–2ல் ஒரு ஆளைக் கூட்டி 3 கவுன்டர் ஓட்டினால், 1 மணிக்கு வந்தவரின் 62 நிமிடம் 42 ஆகும். ஆனால் 11 மணிக்காரருக்கும் 12 மணிக்காரருக்கும் ஒரு நிமிடம்கூடக் குறையாது. காலை இரண்டு மணி நேரத்தில் வந்த 92 பேரில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதே ஆளை அதே ஒரு மணி நேரத்துக்கு, ஆனால் 10–11ல் உட்கார வைத்தால்? 29 கூப்பிட்ட இடத்தில் 38 கூப்பிடலாம். 11 மணி மிச்சம் 19ல் இருந்து 10 ஆகும். அதற்கப்புறம் எல்லா மணியிலும் 9 பேர் குறைவு: 18, 16, 14. 11 மணிக்காரருக்கு 17 நிமிடம், 12 மணிக்காரருக்கு 30, 1 மணிக்காரருக்கு 40. மதியத்துக்குக் கிடைத்த பலன் உங்கள் யோசனை அளவுக்கே வருகிறது, காலையும் சேர்ந்து இறங்குகிறது.

எங்கே காத்திருப்பு அதிகமோ அங்கே ஆள் போடுவது என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம் பிந்திப் போடுவதாகத்தான் முடியும். மிச்சம் எந்த மணியில் சேர ஆரம்பிக்கிறது என்பதைத்தான் மேனேஜர் பார்க்க வேண்டும்.

எக்செல்எழில் | 4 நவம்பர், இரவு 11:05

அப்படியென்றால் இன்னும் சுலபம். வருகிறவர்களை 12ஆல் வகுத்து மேலே முழு எண்ணாக்கினால் அதுதான் கவுன்டர் எண்ணிக்கை. 48க்கு 4, 44க்கு 4, 34க்கு 3, 22க்கு 2. காத்திருப்பே இருக்காது.

கணக்கம்மா | 5 நவம்பர், காலை 7:15

இருக்கும். 48 பேர் 75 விநாடிக்கு ஒருவர் என்று அளந்து வந்து, ஒவ்வொருவரும் சரியாக 5 நிமிடம் எடுத்தால்தான் உங்கள் கணக்கு. ஒருவருக்கு 2 நிமிடத்தில் பாஸ்புக் வரவு, இன்னொருவருக்கு 14 நிமிடத்தில் கையெழுத்து சேராத பழைய வைப்புத்தொகை. 48க்குச் சரியாக 4 கவுன்டர் வைத்தால் யாருக்கும் மூச்சுவிட நேரம் இல்லை, ஒருமுறை சேர்ந்த வரிசை கரையவே கரையாது. ஆளின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது சும்மா இருந்தால்தான் வரிசை அடங்கும். நான் போட்ட கணக்கும் இதே மாதிரி வழுவழுப்பான கணக்குதான், அதனால் நிமிடங்களை நம்பாதீர்கள். இரண்டு யோசனைகளில் எது மேல் என்பதற்கு மட்டும் அது போதும்.

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 5 நவம்பர், காலை 8:20

எல்லோரும் மணிக்கு 36 என்கிறீர்களே, முதல் மணியில் ஏன் 29? அதை யாரும் கேட்கவில்லை. முதல் டோக்கன் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று பார் தம்பி. 10 மணியாக இருக்காது.

ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்கும், இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். ஒருவர் பேருந்தில் இருந்து 9:55க்கு இறங்குவார். அப்புறம் பணத்தை எடுத்து, ஒவ்வொரு கவுன்டருக்கும் பிரித்துக் கொடுத்து, அதைக் கணினியில் ஏற்றி, இன்னொருவர் அங்கீகரித்து, நான் பார்த்த கிளைகளில் முதல் ஆளுக்குப் பணம் போவது 10:10க்கு மேல்தான்.

டோக்கன்47 | 5 நவம்பர், இரவு 9:30

முதல் அழைப்பு 10:12.

12 நிமிடம், 3 கவுன்டர், 36 நிமிடம் போய்விட்டது. கிட்டத்தட்ட 7 டோக்கன். 36க்கும் 29க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே வந்து நிற்கிறது.

கணக்கம்மா மேடம் வழியிலேயே போட்டுப் பார்த்தேன். ஆளே கூட்டாமல் 10 மணிக்குச் சரியாக ஆரம்பித்தால் மிச்சம் 12, 20, 18, 16, அப்புறம் 3 மணிக்குப் பூஜ்யம். 11 மணிக்காரருக்கு 20 நிமிடம், 12க்கு 33, 1க்கு 45. காலையில் ஒரு ஆளைக் கூட்டினால் கிடைப்பதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 11 மணிக்கு மிச்சமே இல்லை, 1 மணிக்காரருக்கு 15 நிமிடம்தான்.

ஒவ்வொரு மணிக்கும் கூட்டிக் கழிக்காமல் மிச்சத்தை நேராகப் பதிவில் இருந்தே எடுக்க முடிந்தது. B எடுத்த நேரம், C கூப்பிட்ட நேரம்:

```
=COUNTIFS(B:B,"<="&TIME(11,0,0),C:C,">"&TIME(11,0,0))
```

19 என்று வந்தது. ஒரு நாள் பதிவுக்குத்தான் இது சரிப்படும். தேதியும் அதே கட்டத்தில் இருந்தால் பூஜ்யம் காட்டும்.

மேலூர்க்காரி | 6 நவம்பர், மதியம் 2:10

நான் வங்கியில் வேலை பார்க்கவில்லை, ஜவுளிக்கடை. கடைப் பணம் கட்ட வாரத்துக்கு நான்கு நாள் வரிசையில் நிற்கிறேன். 9:30க்கே ஷட்டர் முன்னால் ஆள் நிற்கும். மிஷினை 10 மணிக்குத்தான் போடுவார்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் தாளில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. எங்கள் ஊர் வாட்ச்மேன் கையில் 2 டோக்கன் கொடுத்துவிடுவார், ஒன்று கேஷுக்கு, ஒன்று பாஸ்புக்குக்கு. ஒன்றில் வேலை முடிந்ததும் மற்றதைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அதுவும் காத்திருந்த கணக்கில்தானே ஏறும்?

டோக்கன்47 | 6 நவம்பர், இரவு 9:05

அக்கா கேட்டதற்காகவே பார்த்தேன். 10 மணியில் இருந்து 10:05க்குள் மட்டும் 17 டோக்கன். முதல் மணியின் 48ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதவு திறக்கும்போதே நின்றிருக்கிறது. இவர்களுக்கு மிஷின் காட்டுவது ஒன்று, நின்றது வேறு. 10–11க்கு எழுதிய 18 நிமிடம் எல்லா மணியையும்விட அதிகம் ஏமாற்றுகிற எண் இதுதான் போல.

2 டோக்கன் விஷயம் எங்களிடம் இல்லை. 3 பேர் வராததற்குக் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன், மூன்றும் 1 மணிக்கு மேல் கூப்பிட்டவை.

எக்செல்எழில் | 6 நவம்பர், இரவு 9:20

மிஷினை 9:30க்கே வெளியில் வைத்துவிட்டால்?

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 6 நவம்பர், இரவு 9:50

வைத்தால் காத்திருப்பு சராசரி ஏறும். மண்டல அலுவலகத்துக்குத் தாள் போகும். எந்த மேனேஜர் தானாக அதைச் செய்வார்?

கணக்கம்மா | 7 நவம்பர், காலை 6:40

அதுதான் நிஜம். 9:30 முதல் 10 வரை என்று தனி வரி போட்டு, 10 மணிக்கு வாசலில் எத்தனை பேர் என்று வாட்ச்மேனைத் தலை எண்ணச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். சராசரியில் கலக்க வேண்டியதில்லை.

நான்காவது ஆள் எங்கிருந்து வருவார் தம்பி? அதைச் சொல்லாமல் தாளைக் கொடுத்தால் மேனேஜர் மடித்து வைத்துவிடுவார்.

டோக்கன்47 | 7 நவம்பர், இரவு 10:15

செக் கிளியரிங் பார்க்கிறவரைக் காலையில் ஒரு மணி நேரம் கவுன்டருக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்திருந்தேன். அக்டோபர் 4க்கு முன்னால் அது நடந்திருக்கும். இப்போது செக்கை வரவர ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், சேர்த்து வைத்து ஒரே கட்டாக அனுப்புகிற பழக்கம் போய்விட்டது. அவரை அசைக்க முடியாது.

மீதி இருப்பது கணக்குத் தொடங்கும் விண்ணப்பம் பார்க்கிறவர். அவருடைய மேசைக்கு 3 மணிக்கு மேல் ஆள் வருவதில்லை. விண்ணப்பம் ஏற்றும் வேலையை 3–4க்குத் தள்ளி, 10–11ல் பணம் இல்லாத வேலைக்கு மட்டும் உட்கார வைக்கலாம்: பாஸ்புக், செக் புத்தகம், முகவரி மாற்றம். ஆனால் கேஷ் டோக்கன் அவரிடம் போக முடியாது. ஒரு முழுக் கவுன்டராக அவரை எண்ணலாமா?

கணக்கம்மா | 8 நவம்பர், காலை 7:05

எண்ணக் கூடாது. 10–11ல் வந்த 48ல் எத்தனை கேஷ் இல்லாதவை என்று பாருங்கள். 12க்கு மேல் இருந்தால் அவருக்கு வேலை நிறையும். 6 என்றால் அரை ஆள்.

டோக்கன்47 | 8 நவம்பர், மாலை 5:40

15. ஆனால் அதில் 9 பாஸ்புக் பதிவு. பதிவு மிஷின் வாசல் பக்கம் ஒன்று இருந்தது, ரிப்பன் போய்ப் பல வாரமாகிறது. அதைச் சரிசெய்தால் இந்த 9 பேருக்கு டோக்கனே தேவையில்லை. ஆளைத் தேடுவதா ரிப்பனைத் தேடுவதா என்று தெரியவில்லை.

சோழவந்தான் சுப்பு | 8 நவம்பர், மாலை 6:10

ரிப்பன்தான். நான் பார்த்த எல்லா ஊரிலும் ரிப்பன்தான்.

டோக்கன்47 | 22 நவம்பர், இரவு 8:30

தாளைக் கொடுத்தேன். எடுத்த நேரப்படி எண்ணிக்கை, மணி முடிவில் மிச்சம், முதல் அழைப்பு நேரம், அவ்வளவுதான். சராசரியை ஓரமாகச் சின்னதாகப் போட்டேன். மேனேஜருக்கு முதல் அழைப்பு நேரம்தான் உறுத்தியது, ஏனென்றால் சாவிகளில் ஒன்று அவரிடம். இப்போது இரண்டு பேரும் 9:40க்கு வருகிறார்கள், 10:03க்கு முதல் டோக்கன். நான்காவது ஆள் பற்றி "பார்க்கலாம்" என்றார். சாப்பாட்டு நேரம் அப்படியே இருக்கிறது.

18ஆம் தேதி செவ்வாய் 11 மணி மிச்சம் 16. 13 அல்லது 14 இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நவம்பர் என்பதால் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வந்த பென்ஷன்காரர்கள் 8 பேர், ஒருவருக்கு 9 நிமிடம் ஆகிறது. விரல் ரேகை படியவில்லை என்றால் இன்னும் நேரம். சாவியால் எவ்வளவு குறைந்தது, நவம்பரால் எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கணக்கம்மா | 22 நவம்பர், இரவு 9:45

டிசம்பரில் இன்னொரு சாதாரண செவ்வாய் எடுங்கள். மகளிர் உரிமைத் தொகை ஏறும் 15ஆம் தேதியையும் அடுத்த இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்குத் தனித் தாள்.

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 23 நவம்பர், காலை 7:00

வெள்ளிக்கும் தனித் தாள் போடு தம்பி. ஆட்டுச் சந்தைப் பணம் காலையிலேயே கட்டுக்கட்டாக வரும். ஒரு டோக்கனுக்கு 5 நிமிடம் என்பது அன்றைக்கு செல்லாது.

டோக்கன்47 | 23 நவம்பர், இரவு 9:10

21ஆம் தேதி வெள்ளி பார்த்தேன். 10–11ல் வந்தது 39 பேர்தான், செவ்வாயைவிடக் குறைவு. கூப்பிட்டது 24. ஒரு டோக்கனுக்கு 7 நிமிடத்துக்கு மேல். நான்காவது கவுன்டரை வெள்ளிக்கிழமைக்காவது கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 23 நவம்பர், இரவு 9:35

நோட்டு எண்ணும் மிஷின் எத்தனை?

டோக்கன்47 | 23 நவம்பர், இரவு 9:41

ஓடுவது ஒன்று. மூன்று பேரும் எழுந்து போய் அதில்தான் எண்ணுகிறார்கள்.

ஹெட்கேஷியர் (ஓய்வு) | 23 நவம்பர், இரவு 9:44

நான்காவது ஆளும் எழுந்து வந்து அதே மிஷின் முன்னால்தான் நிற்பார். முதலில் இரண்டாவது மிஷினைக் கேள்.